காசிப் பயணமும் சிபாப் எந்திரமும்

கேள்வி: எனக்கு வயது 64, ஊர் கும்பகோணம். தூக்கத்தில் மூச்சடைப்பு இருப்பதால் சிபாப் எந்திரம் மாட்டித்தான் தூங்குகிறேன். அழுத்தம் 10 என்று வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வருகிற தை மாதம் குடும்பத்தோடு காசிக்குப் போகிறோம். சென்னையிலிருந்து ரயில், ஏசி இரண்டடுக்குப் பெட்டி, வழியில் இரண்டு இரவு. காசியில் சத்திரத்தில் ஐந்து இரவு. திரும்பி வருவது விமானத்தில். ரயிலில் பிளக் இருக்கிறது, மாட்டிக்கொள்ளலாம் என்கிறான் மகன். அதை நம்பாதீர்கள், 300 வாட்-அவர் பவர் ஸ்டேஷன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் எதிர்வீட்டு நண்பர். தண்ணீர் விஷயமும் குழப்பமாக இருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் கேன் தண்ணீரைத்தான் எந்திரத்துக்கும் ஊற்றுகிறேன். அது சரியா? காசியில் என்ன ஊற்றுவது? வெளியூரில் கழுவுவது, காய வைப்பது எப்படி? ஏழு நாள்தானே, பேசாமல் எந்திரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமா என்றும் தோன்றுகிறது.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விட்டுவிட்டுப் போக வேண்டாம். சிபாப் நோயைக் குணப்படுத்துவதில்லை. அது ஓடும் நேரம் வரைக்கும் தொண்டைக் குழியைக் காற்றழுத்தத்தால் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நிறுத்திய ஓரிரு இரவுகளிலேயே பழைய மூச்சடைப்பும் பகல் தூக்கமும் திரும்பிவிடும். விடியற்காலையில் எழுந்து, பனியில் வழுக்கும் படித்துறைகளில் இறங்கி ஏறப் போகிறீர்கள். தூக்கம் கெட்ட உடம்போடு அதைச் செய்ய வேண்டாம்.

மற்றக் கேள்விகள் மின்சாரம், தண்ணீர், சுத்தம் என்று தனித்தனியாகத் தெரிகின்றன. ஆனால் அத்தனைக்கும் மூலம் ஒன்றுதான்: எந்திரத்தின் பக்கவாட்டில் இருக்கும் அந்தத் தண்ணீர்த் தொட்டியும் அதைச் சூடாக்கும் ஹியூமிடிஃபையரும். காற்றைத் தள்ளும் மோட்டார் சாதுவான பொருள், அதற்கு அதிக மின்சாரமும் வேண்டாம். பேட்டரியைக் குடிப்பது, உப்புப் படிவது, குழாயில் தண்ணீர் தேங்குவது, பயணத்தில் சாய்ந்து எந்திரத்தையே கெடுப்பது எல்லாம் தொட்டியின் வேலை. ஆகவே எந்த இரவில் தொட்டி வேண்டும், எந்த இரவில் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் பயணத் திட்டம் பாதி முடிந்த மாதிரி.

ரயிலிலிருந்து தொடங்குவோம். உங்கள் மகன் சொல்வது பாதிதான் சரி. பெட்டியில் பிளக் இருக்கும், பகலில் மின்சாரமும் வரும். ஆனால் தீ விபத்தைத் தடுப்பதற்காக இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை செல்போன் சார்ஜ் செய்யும் பிளக்குகளை அணைத்து வைக்க வேண்டும் என்று ரயில்வே 2021 மார்ச்சிலிருந்து கெடுபிடி செய்யத் தொடங்கியது. எல்லா ரயிலிலும் எல்லா இரவும் இது நடப்பதில்லை, ஆனால் உங்கள் பெட்டியில் நடக்காது என்று யாரும் உறுதி தர முடியாது. உங்களுக்கு மின்சாரம் தேவைப்படுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். இன்னொன்று, இந்த பிளக்குகள் பலவற்றில் வருவது வீட்டில் இருக்கும் 230 வோல்ட் அல்ல, 110 வோல்ட். பிளக்குக்குப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். உங்கள் அடாப்டரின் அடியில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மின்னழுத்தம் குறைவாக இருப்பது ஒரு தடையாகாது. ஆனாலும் அது போனுக்கும் லேப்டாப்புக்கும் என்று வைத்த பிளக். ஹியூமிடிஃபையரின் சூடேற்றும் தட்டு இழுக்கும் பளு அதற்கு அதிகம். ஏறியதும் பெட்டியின் ஏசி மெக்கானிக்கிடம் எந்திரத்தைக் காட்டி, இரவில் பிளக் வருமா என்று கேளுங்கள். வரும் என்று அவர் சொன்னாலும் பேட்டரி கையில் இருக்கட்டும்.

எந்த பேட்டரி என்பதில்தான் எதிர்வீட்டு நண்பரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. அவர் சொன்ன 300 வாட்-அவர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. ஹியூமிடிஃபையரோடு எந்திரம் ஓடும்போது, குளிரையும் அமைப்பையும் பொறுத்து, சராசரியாக 40 வாட் போல இழுக்கும். ஏழு மணி நேரம் தூங்கினால் 280 வாட்-அவர். பவர் ஸ்டேஷன் தன் பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட் ஆக்கி, அதை உங்கள் அடாப்டர் மறுபடி 24 வோல்ட்டாக இறக்கும்போது வழியிலேயே கொஞ்சம் வீணாகும். ஆக அந்தப் பெரிய பெட்டி ஒரே ஓர் இரவுக்குக்கூட இழுபறிதான்.

அதே எந்திரத்தில் ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டுப் பாருங்கள். 10 அழுத்தத்தில் மோட்டார் மட்டும் ஓட ஏறக்குறைய 10 வாட் போதும். ஏழு மணி நேரத்துக்கு 70 வாட்-அவர். சிபாப்புக்கென்றே செய்யப்படும் 100 வாட்-அவருக்குச் சற்றுக் குறைந்த பேட்டரிகள் கிடைக்கின்றன. அவை 230 வோல்ட்டுக்குப் போகாமல் நேராக எந்திரத்துக்கு வேண்டிய மின்னழுத்தத்தையே தருவதால் வழி இழப்பும் அதிகமில்லை. அதில் ஓர் இரவு நிம்மதியாக ஓடும், மிச்சமும் இருக்கும். காலையில் பிளக்குக்கு உயிர் வந்ததும் பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள். பகல் முழுக்க நேரம் இருக்கிறது, இரண்டாம் இரவுக்கு நிரம்பிவிடும்.

வாங்குவதற்கு முன் உங்கள் அடாப்டரில் ‘அவுட்புட்’ என்ற இடத்தைப் படியுங்கள். சில எந்திரங்கள் 24 வோல்ட், சில 12 வோல்ட். பேட்டரி அதற்குப் பொருந்த வேண்டும், முனையும் பொருந்த வேண்டும். போனுக்கு வைத்திருக்கும் சாதாரண பவர் பேங்க் 5 வோல்ட் தருவது, எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சிபாப்பை ஓட்டாது. மாடல் பெயரைச் சொல்லி, இதற்குப் பொருந்தும் பேட்டரியும் கேபிளும் எது என்று எந்திரம் விற்றவரிடமே கேட்பது நல்லது.

நண்பரின் யோசனையை நான் மறுப்பதற்கு இன்னொரு காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. திரும்பி வருவது விமானத்தில். லித்தியம் பேட்டரி 100 வாட்-அவர் வரை இருந்தால் கேள்வியில்லாமல் கைப்பையில் எடுத்துப் போகலாம். 100-க்கு மேல் 160 வரை இருந்தால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் முடியாது. 160-ஐத் தாண்டினால் பயணிகள் சாமானாக ஏற்றவே மாட்டார்கள். 300 வாட்-அவர் பவர் ஸ்டேஷனோடு காசிக்குப் போனால், வாரணாசி விமான நிலையத்தில் அதை விட்டுவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும். சிறிய பேட்டரியையும் சரக்காகப் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். அதன் முனைகள் வேறு உலோகத்தில் படாதபடி உறையில் போட்டு வையுங்கள். பேட்டரியின் மேல் வாட்-அவர் அளவு அச்சாகியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வெறும் ஆம்பியர்-அவர் மட்டும் இருந்தால், அதை வோல்ட்டால் பெருக்கினால் வாட்-அவர் வந்துவிடும். ஆனால் பாதுகாப்புச் சோதனையில் நிற்பவர் உங்களுக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

ஹியூமிடிஃபையர் இல்லாமல் தூங்குவது உடம்புக்குக் கெடுதலா என்று கேட்பீர்கள். இல்லை. அது சுகத்துக்காகச் சேர்த்த வசதி, சிகிச்சை என்பது அழுத்தம்தான். மூக்கும் தொண்டையும் வறளலாம், ஏசி பெட்டியில் இன்னும் கொஞ்சம் அதிகமாக வறளும். படுக்கும் முன் மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் சொட்டு மருந்தை மூக்கில் இரண்டு சொட்டு விட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இதை முதன்முதலாக ரயிலில் சோதிக்காதீர்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால், வீட்டிலேயே இரண்டு இரவு ஹியூமிடிஃபையரை அணைத்து, தொட்டியைக் காலி செய்து, பேட்டரியிலேயே தூங்கிப் பாருங்கள். காலையில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்பது ஒன்று. எந்திரத் திரையில் AHI என்று வரும் எண் இன்னொன்று. அது மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்பதன் கணக்கு. வழக்கம்போல 5-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. எண் ஏறி, வாயும் காய்ந்து எழுந்தீர்கள் என்றால், மூக்கு அடைத்து வாய் வழியாகக் காற்று கசிந்திருக்கிறது என்று பொருள். அப்போது பயணத்துக்கு முன்பே உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

பெர்த்தில் ஒரு சின்ன ஏற்பாடு. கீழ் பெர்த்தைக் கேட்டு வாங்குங்கள். எந்திரத்தைத் தலைமாட்டில் சன்னலோரத்துச் சிறு மேசையிலோ பெர்த்துக்கு அடியில் சுத்தமான துணி விரித்தோ வைக்கலாம். பின்பக்கத்துக் காற்றுத் துவாரத்தைப் போர்வை மூடக் கூடாது. தொட்டிக்குப் பதிலாக மாட்டும் பக்க மூடி சில மாடல்களோடு வந்திருக்கும். இருந்தால் அதை மாட்டுங்கள், இல்லாவிட்டால் காலித் தொட்டியையே மாட்டி, சூட்டை மட்டும் அணையுங்கள். ஆடும் ரயிலில் தண்ணீர் நிரம்பிய தொட்டி வேண்டவே வேண்டாம். ஒரு பெரிய வளைவில் சாய்ந்து தண்ணீர் மோட்டாருக்குள் போனால் எந்திரம் அங்கேயே படுத்துவிடும், உத்தரவாதத்திலும் அதற்கு இடமில்லை.

இப்போது காசி. சத்திரத்தில் நிலையான மின்சாரம் இருக்கும், ஆகவே அங்கே ஹியூமிடிஃபையரைப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் பேட்டரித் தண்ணீர்ப் பழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். இன்வெர்ட்டர் கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் உப்பு நீக்கிய தண்ணீர். ஈயத் தகடுகளுக்குக் கெடுதல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் இலக்கு. அதில் கிருமி இருக்கிறதா, எந்தக் கேனில் எத்தனை மாதம் கிடந்தது என்பதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. மூச்சுக்காற்று கடந்து போகும் தொட்டிக்கு அது வேண்டாம். மருத்துவ உபயோகத்துக்கென்று மூடி முத்திரையிட்டு விற்கும் டிஸ்டில்டு வாட்டரை மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

ஏன் டிஸ்டில்டு வாட்டர் என்பதற்குக் காரணம் தெரிந்தால் அவசரத்தில் எதைச் சமாளிக்கலாம் என்பதும் தெரியும். தொட்டியிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு போவதில்லை. ஒவ்வொரு இரவும் அது அடியில் வெள்ளைப் படலமாகச் சேர்ந்துகொண்டே வரும். தோசைக்கல் மாதிரி சூடாகும் அந்தத் தட்டின் மேல் படலம் தடிக்கத் தடிக்க, சூடு தண்ணீருக்கு ஏறாது. ஆக இது முதலில் தொட்டியின் ஆயுள் பற்றிய விஷயம். பிஸ்லேரி போன்ற அடைத்த குடிநீரை நாலைந்து இரவு ஊற்றினால் எதுவும் ஆகாது. ஊருக்கு வந்ததும் படிந்ததைக் கழுவிக்கொள்ளலாம். ஆர்.ஓ. தண்ணீரும் அப்படியே. கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரில் கிருமி செத்திருக்கும், உப்பு அப்படியே இருக்கும். கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிப் போனதால் அடர்ந்தும் இருக்கும். அதுவும் ஓரிரு இரவுக்குப் பாதகமில்லை.

குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் வேண்டாம் என்பது உப்புக்காக மட்டுமல்ல. சரியாக வேலை செய்யும்போது எந்திரம் ஆவியைத்தான் தள்ளுகிறது, துளிகளை அல்ல. ஆனால் தொட்டி சாய்ந்தால் துளியும் குழாய்க்குள் வரும், மூக்கு வரைக்கும் வரும். வெதுவெதுப்பாக ஒரு பகல் முழுக்கத் தேங்கிய தண்ணீரில் கிருமி வளர இடம் தாராளம். இதே காரணத்தால், கங்கை ஜலத்தைத் தொட்டியில் ஊற்ற வேண்டும் என்று வீட்டில் யாராவது ஆசைப்பட்டால் அன்போடு மறுத்துவிடுங்கள். அதைச் செம்பில் அடைத்து ஊருக்குக் கொண்டுவாருங்கள். தொட்டிக்கு இரவுக்கு 200 முதல் 350 மில்லி வரை ஆகும் என்று வைத்தால் ஐந்து இரவுக்கு இரண்டு லிட்டர் போதும். கும்பகோணத்திலிருந்து சுமக்க வேண்டாம், அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

தை மாதத்துக் காசியில் உங்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று நடக்கும். அங்கே இரவுக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழேயும் போகும். தொட்டியிலிருந்து வெதுவெதுப்பாகக் கிளம்பும் ஈரக்காற்று, குளிர்ந்த குழாய்ச் சுவரில் பட்டுத் தண்ணீராக மாறும். நடுராத்திரியில் குழாய்க்குள் கொடகொடவென்று ஹூக்கா குடிப்பது போலச் சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் முகத்தில் சில்லென்று துளி விழும். எந்திரம் கெட்டுவிட்டது என்று பலர் பயந்துபோவது இதைப் பார்த்துத்தான். கெடவில்லை. எழுந்து குழாயை உயர்த்தித் தண்ணீரைத் தொட்டிப் பக்கம் வடியவிடாதீர்கள், கழற்றிக் குளியலறையில் உதறுங்கள். பிறகு ஈரப்பத அளவை ஒன்றிரண்டு படி குறையுங்கள். குழாயைக் கம்பளிக்குள் உங்களோடு சேர்த்துப் படுக்க வையுங்கள். எந்திரம் உங்கள் தலையை விடத் தாழ்வான ஸ்டூலில் இருக்கட்டும், அப்போது சேரும் சொட்டுகள் முகத்துக்கு வராது. அறைக்கதவு இடுக்கில் வரும் காற்று குழாயில் நேரே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தத்தைப் பற்றி வெளியூரில் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். தினமும் செய்ய வேண்டியது இரண்டு. எழுந்ததும் மாஸ்க்கின் சிலிகான் விளிம்பை ஈரத் துணியாலோ ஆல்கஹால் இல்லாத குழந்தை வைப்ஸாலோ துடையுங்கள். முகத்து எண்ணெய் படிந்தால் விளிம்பு வழுக்கிக் காற்று கசியும். எண்ணெய்க் குளியல் எடுத்த நாளில் இது நிச்சயம் நடக்கும். அடுத்தது, தொட்டியில் மிஞ்சிய தண்ணீரைக் கொட்டி, திறந்தபடி கவிழ்த்து வையுங்கள். நேற்றைய மிச்சத்தின் மேல் இன்று ஊற்றி நிரப்பாதீர்கள்.

குழாயை ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரிலும் மென்மையான சோப்புத் திரவத்திலும் கழுவிக் காய வைத்துக்கொண்டு போங்கள். அது ஒரு வாரத்துக்குத் தாங்கும். அந்தக் குளிரில் கழுவினால் இரவுக்குள் காயாது, ஈரக் குழாயோடு படுப்பது கழுவாத குழாயை விட மோசம். டெட்டால், பிளீச்சிங், சானிட்டைசர் எதுவும் வேண்டாம். வாசனை அடுத்த இரவு முழுக்க உங்கள் நுரையீரலுக்குள்தான் போகும். ஓசோன் வைத்துச் சுத்தம் செய்யும் பெட்டி என்று விளம்பரம் வந்தால் வாங்காதீர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றைப் பற்றி 2020-லேயே எச்சரித்திருக்கிறது.

படித்துறைப் புகை, குளிர்காலத் தூசி, அறையில் ஏற்றும் ஊதுபத்தி, கொசுவர்த்தி ஆகியவற்றைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எந்திரத்தின் பின்பக்கத்து வெள்ளை ஃபில்டரை மூன்றாம் நாள் கழற்றிப் பாருங்கள். சாம்பல் நிறமாகியிருந்தால் புதியதை மாட்டுங்கள். கழுவி மாட்டும் வகை அல்ல அது. இரண்டு உபரி ஃபில்டர் கையில் இருந்தால் போதும்.

மூட்டை கட்டும்போது எந்திரத்துக்குத் தனிப் பை. அதை ரயிலில் தலைமாட்டிலும், விமானத்தில் கைப்பையோடும் வையுங்கள், சரக்கில் போடவே கூடாது. பல விமான நிறுவனங்கள் மருத்துவ உபகரணத்தைக் கைப்பையின் எடைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இருந்தாலும் டிக்கெட் எடுத்ததும் உங்கள் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்செடுத்து வையுங்கள். மருத்துவரின் கடிதமும், அதில் அழுத்தம் 10 என்ற குறிப்பும் இருக்க வேண்டும். எந்திரம் வழியில் கெட்டால் வாடகைக்கு எடுக்கும் எந்திரத்தை அதைப் பார்த்துத்தான் அமைப்பார்கள். தொட்டியைக் கழற்றி, துடைத்துக் காயவைத்து, தனியாகத் துணியில் சுற்றுங்கள். மாஸ்க் நசுங்காமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போகட்டும், கூடவே உபரி சிலிகான் விளிம்பு ஒன்று. சத்திரங்களில் பிளக் கட்டிலுக்கு எட்டாத மூலையில்தான் இருக்கும், ஆகவே மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் பெட்டி கட்டாயம். விமான நிலையத்தில் சோதனைத் தட்டில் எந்திரத்தைத் தனியே எடுத்து வைக்கச் சொல்வார்கள். தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நீட்டினால், பலரின் செருப்புப் பட்ட தட்டில் காற்றுத் துவாரம் உரசாது. எக்ஸ்ரேயால் எந்திரத்துக்கு எதுவும் ஆகாது.

காசியை விட்டுக் கிளம்பும் காலையில் அறையைப் பூட்டுவதற்கு முன் சுவர் பிளக்கைப் பாருங்கள். மாஸ்க், குழாய், எந்திரம் எல்லாவற்றையும் நினைவாக எடுத்து வைத்துவிட்டு, அடாப்டரை மட்டும் பிளக்கிலேயே விட்டுவருகிறவர்கள்தான் அதிகம்.